கொப்பரை வரைக்கும் ஒரு கணக்கு, எண்ணெய்க்கு இன்னொரு கணக்கு

வாசகர் கடிதம்

வணக்கம் சார். காங்கேயம் பக்கம் நானும் என் மச்சானும் பார்ட்னர்களாகத் தேங்காய்த் தொழில் செய்கிறோம். மட்டையோடு காய் வாங்கி, உரித்து, களத்தில் காயவைத்துக் கொப்பரை எடுப்பது வரை என் பொறுப்பு. பக்கத்திலேயே இருக்கும் எண்ணெய் மில் அவர் பொறுப்பு, கணக்கும் அவர்தான். ஆயிரம் காய்க்கு ஆகிற மொத்தச் செலவு 20,280 ரூபாயை எல்லாப் பொருளின் எடைக்கும் பிரித்துப் போட்டு, மட்டையில் பத்தாயிரத்துக்கு மேல் நஷ்டம், லாபம் முழுக்க எண்ணெயில்தான் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் விற்பனை மதிப்புப்படி பிரித்தார். இப்போது எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீத லாபம் வருகிறது, அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. மட்டை விற்பதை நிறுத்திவிடலாமா? களத்து லாபம் உங்களுக்கு, மில் லாபம் எனக்கு என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறார், அப்படிச் செய்தால் எனக்கு நஷ்டமா? மார்ச் 31 அன்று குடோனில் 4 டன் கொப்பரை இருந்தது, அதற்கு என்ன விலை போடுவது? விவரத் தாள் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்

முதலில் மட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். விற்பதை நிறுத்தாதீர்கள். உங்கள் தாளின்படி ஆயிரம் மட்டைக்கு 1,500 ரூபாய் வருகிறது, நார் மில் லாரி களத்துக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, உங்களுக்கு வேறு செலவு இல்லை. மட்டையை விற்காமல் விட்டால் காய் வாங்கிய பணமோ உரிப்புக் கூலியோ ஒரு ரூபாய்கூடக் குறையாது, 1,500 ரூபாய் மட்டும் போய்விடும். அந்தப் பத்தாயிரம் நஷ்டம் எடைக்குப் பிரித்ததால் பிறந்த நஷ்டம். மட்டை 400 கிலோ, கொட்டாங்குச்சி என்கிற தொட்டி 120, எண்ணெய் 88, புண்ணாக்கு 48, ஆக 656 கிலோவுக்கு 20,280 ரூபாயைப் பிரித்தால் எல்லாவற்றுக்கும் கிலோ சுமார் 31 ரூபாய் விழுகிறது. கிலோ நாலு ரூபாய்கூடப் போகாத மட்டைக்கும் 31, கிலோ 230 போகிற எண்ணெய்க்கும் 31. யாரும் எடைக்காகத் தேங்காய் வாங்குவதில்லை, அதனால் எடை இங்கே அளவுகோல் ஆகாது.

உங்கள் மச்சான் அடுத்துச் செய்தது, விற்பனை மதிப்புப்படி பிரித்தது, பாதி சரி. பிரிக்கிற அளவுகோல் சரியானது. ஆனால் முழுச் செலவையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே தடவையில் பிரித்துவிட்டார். உங்கள் தொழிலில் பொருள்கள் ஒரே இடத்தில் பிரிவதில்லையே. உரிக்கும்போது மட்டை தனியாகிறது. காய் உடைத்து, இரண்டு நாள் வெயில் பட்டுப் பருப்பு விட்டதும் தொட்டி தனியாகிறது, கொப்பரை நிற்கிறது. மில்லில் ஆட்டும்போது எண்ணெயும் புண்ணாக்கும் பிரிகின்றன. மூன்று இடம். மட்டை லாரி ஏறி நார் மில்லுக்குப் போன பிறகுதான் நீங்கள் காயே உடைக்கிறீர்கள், அப்படியிருக்க உடைப்புக் கூலியிலும் மில் கரண்ட் பில்லிலும் மட்டைக்கு என்ன பங்கு? ஒரு செலவு ஆகும் நேரத்தில் எந்தெந்தப் பொருள் இன்னும் ஒன்றாக இருக்கிறதோ, அவைதான் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். உங்கள் கணக்கு முழுக்க இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

இதனால் ஒரே செலவு இடத்தைப் பொறுத்து இரண்டு முகம் காட்டும், பலரும் தடுமாறுவது இங்கேதான். காயவைக்கும் செலவு தொட்டிக்கும் கொப்பரைக்கும் கூட்டுச் செலவு. ஆனால் மட்டை பிரிந்த இடத்தில் நின்று பார்த்தால் அது உரித்த காய்க்கு மட்டுமே ஆன தனிச் செலவு. ஆட்டுக்கூலியும் அப்படியே, எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் கூட்டு, தொட்டியின் பக்கத்திலிருந்து பார்த்தால் தனி.

மதிப்பைப் பின்னாலிருந்து, செலவை முன்னாலிருந்து

செய்முறை இதுதான். முதலில் கடைசிப் பொருளிலிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொரு பிரிவிலும் என்ன மதிப்பு நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் முதல் பிரிவுக்கு வந்து, அந்த மதிப்பு விகிதத்தில் செலவை முன்னோக்கிப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். உங்கள் தாளில் உள்ள எண்களையே போட்டுக் காட்டுகிறேன், எல்லாம் ஆயிரம் காய்க்கு.

பின்னோக்கி நடப்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொப்பரைக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூட ஏலத்தில் விலை தெரிகிறது, நீங்கள் எழுதியிருப்பது கிலோ 150. நடுவில் இருக்கும் பொருளுக்கு நம்பகமான சந்தை விலை கிடைக்கும்போது எண்ணெய் வரைக்கும் போய்த் திரும்பி வரத் தேவையில்லை, அந்த விலையிலேயே நின்றுகொள்ளலாம். அதுதான் நல்லதும்கூட, ஏன் என்று கீழே மில் கணக்கில் தெரியும். 140 கிலோ கொப்பரை 21,000 ரூபாய், 120 கிலோ தொட்டி 15 ரூபாய் வீதம் 1,800. இரண்டாவது பிரிவில் நிற்கிற மதிப்பு 22,800.

இதில் உடைப்பு, காயவைப்பு, தொட்டி எடுப்புக் கூலி 1,800 ரூபாயைக் கழித்தால் 21,000. முதல் பிரிவில் உரித்த காயின் மதிப்பு இதுதான். உரித்த காயையே உங்கள் ஊரில் தினம் விலை சொல்லி வாங்குகிறார்கள் என்றால் அந்த விலையைப் போடலாம், உங்கள் தாளில் அது இல்லாததால் இப்படிக் கழித்து வந்தேன். பக்கத்தில் மட்டை 1,500. ஆக மொத்தம் 22,500, அதில் மட்டையின் பங்கு பதினைந்தில் ஒன்று.

இனி முன்னோக்கி. காய் வாங்கியது 16,500, உரிப்புக் கூலி 1,000, ஆக 17,500. பதினைந்தில் ஒரு பங்கு 1,167 மட்டைக்கு, மீதி 16,333 உரித்த காய்க்கு. இந்த 16,333 உடன் இரண்டாம் கட்டச் செலவு 1,800 சேர்ந்து 18,133 ஆகிறது. அதை 1,800க்கு 21,000 என்ற விகிதத்தில் பிரித்தால் தொட்டிக்கு 1,432, கொப்பரைக்கு 16,701. கிலோவுக்குச் சுமார் 119 ரூபாய் 29 காசு. கொப்பரையோடு ஆட்டுச் செலவு 980 சேர்ந்தால் 17,681. எண்ணெய் 88 கிலோ 230 வீதம் 20,240, புண்ணாக்கு 48 கிலோ 30 வீதம் 1,440, அந்த விகிதத்தில் எண்ணெய்க்கு 16,507, புண்ணாக்குக்கு 1,174.

போட்டு முடித்ததும் நாலையும் கூட்டிப் பாருங்கள். 1,167, 1,432, 16,507, 1,174 சேர்ந்தால் 20,280 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் ஏதோ ஒரு கட்டச் செலவு இரண்டு தடவை ஏறியிருக்கும் அல்லது விட்டுப்போயிருக்கும். எடையிலும் ஒரு சோதனை உண்டு. 140 கிலோ கொப்பரைக்கு எண்ணெயும் புண்ணாக்கும் சேர்ந்து 136 வந்திருக்கிறது, நன்றாகக் காய்ந்த சரக்குக்கு இந்தக் கழிவு நியாயமானதே. ஒரு மாதம் இது 128க்கு இறங்கினால் மில்லில் யாரும் எண்ணெயைக் களவாடினார்கள் என்று உடனே நினைத்துவிட வேண்டாம், பெரும்பாலும் கொப்பரை முழுசாகக் காயாமல் ஈரத்தோடு எடை போடப்பட்டிருக்கும். ஈரப்பதம் ஆறு சதவீதத்துக்கு இறங்கிய பிறகு போடுகிற எடைதான் கணக்குக்கு எடை. களத்தில் பச்சையாக எடை போட்டால் கொப்பரையின் மதிப்பு உயர்ந்து, மட்டையின் பங்கும் தொட்டியின் பங்கும் காரணமில்லாமல் குறையும்.

இதனால் என்ன மாறியது

நேர்மையாகச் சொன்னால் மட்டைக்குப் பெரிய மாற்றமில்லை. மச்சானின் ஒரே குவியல் கணக்கில் மட்டைக்கு 1,218, இதில் 1,167, வெறும் 51 ரூபாய்தான் குறைவு. பின் கட்டங்களின் செலவு உங்கள் தொழிலில் சின்னது, முக்கால்வாசிக்கு மேல் காய் வாங்குவதிலேயே போய்விடுகிறது, அதனால்தான். நாளைக்கே நீங்கள் எண்ணெயை வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தால் பின் கட்டச் செலவு பல மடங்கு ஏறும், அப்போது அந்தக் குவியல் கணக்கு பாட்டில் செலவையும் மூடிச் செலவையும் மட்டையின் தலையில் சுமத்தும்.

இப்போதே பெரிதாக அடிபடுவது உங்கள் 4 டன் கொப்பரைதான். குவியல் கணக்கில் கொப்பரை என்று ஒரு பொருளே கிடையாது, கடைசிப் பொருள்கள் மட்டும்தான் உண்டு. ஆகவே கொப்பரைக்கு விலை போட வேண்டும் என்றால் எண்ணெய், புண்ணாக்கின் செலவைச் சேர்த்து 140ஆல் வகுப்பார்கள், கிலோவுக்கு 125 ரூபாய் 72 காசு வரும். கட்டம் கட்டமாகப் போட்டால் 119 ரூபாய் 29 காசு. கிலோவுக்கு ஆறரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வித்தியாசம், 4 டன்னுக்கு 25,000 ரூபாய்க்கு மேல். இன்னும் ஆட்டவே ஆட்டாத கொப்பரையின் மேல் ஆட்டுச் செலவு ஏறியிருக்கிறது என்பதுதான் இதற்குப் பெரும் காரணம். செலவு செய்யாத பணம் ஸ்டாக்கில் உட்கார்ந்தால் அந்த வருஷ லாபம் அவ்வளவுக்கு ஊதிக் காட்டும், அதற்கு வரியும் கட்டுவீர்கள். அடுத்த வருஷம் அது திரும்பிக் குறையும், ஆனால் இரண்டு வருஷக் கணக்கும் தப்பு. ஆக, கிலோ 119 ரூபாய் 29 காசு போடுங்கள், ஏல விலை 150 அதைவிட மேலே இருப்பதால் பிரச்சினை இல்லை. செலவைவிடச் சந்தை விலை கீழே போன வருஷங்களில் மட்டும், விற்கும் செலவு கழித்து நிற்கிற விலையைப் போட வேண்டும். ஸ்டாக் மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2 சொல்வதும் இதையே, கூட்டுப் பொருள்களைப் பிரியும் நிலையில் உள்ள விற்பனை மதிப்பு விகிதத்தில் பிரிக்கலாம் என்று அது உதாரணமாகவே சொல்கிறது. களத்தில் பாதி காய்ந்தும் காயாமலும் கிடந்த சரக்கையும் மறக்காதீர்கள், அதற்கு அந்த நாள் வரை ஆன செலவு மட்டும்.

தொட்டியை நீங்களே எரிக்கும்போது

தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தீர்கள், மழை மாதங்களில் டிரையர் போட்டுத் தொட்டியை எரிப்பதாகவும், அந்தத் தொட்டிக்கு விலை எதுவும் போடுவதில்லை என்றும். இது திருத்த வேண்டிய இடம். ஆயிரம் காய்க்கு 40 கிலோ தொட்டி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், விற்றிருந்தால் 600 ரூபாய். காயவைக்கும் செலவில் அந்த 600ஐச் சேருங்கள், தொட்டியின் மதிப்பை 1,800 ஆகவே வைத்திருங்கள், 600க்கு அதை நீங்களே வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. சேர்க்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி திடீரென்று குறைந்துபோனதாகவும், காயவைப்பு மலிவாக நடந்ததாகவும் தெரியும். இரண்டும் உண்மையில்லை. மழை மாதக் கொப்பரைக்கு அடக்க விலை உண்மையிலேயே கூடுதல், அது தெரிந்தால்தான் அந்த மாதங்களில் எவ்வளவு காய் வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

களம் தனி, மில் தனி என்பது பற்றி

இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூட்டுச் செலவைப் பிரிப்பது ஸ்டாக்குக்கு மதிப்புப் போடுவதற்கு. எந்தப் பொருள், எந்த ஆள் சம்பாதித்தார் என்று அது நிரூபிக்காது, ஏனென்றால் பிரிக்கிற முறையை மாற்றினாலே பொருளின் லாபம் மாறிவிடும், கையில் வந்த பணம் அப்படியே இருக்கும். ஆயிரம் காய்க்கு உங்கள் விற்பனை 24,980, செலவு 20,280, மீதி 4,700. எப்படிப் பிரித்தாலும் இது 4,700தான்.

உங்கள் பங்கைத் தீர்மானிப்பது பார்ட்னர்ஷிப் பத்திரம். அதில் விகிதம் எழுதியிருந்தால் அதுதான். எதுவும் எழுதாமல் இருந்தால் 1932ஆம் வருஷ இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 13ஆம் பிரிவுப்படி லாபமும் நஷ்டமும் சரிசமம். கணக்கு எழுதுபவர் பிரிக்கிற முறையை மாற்றிக்கொண்டதால் உங்கள் பங்கு குறைந்துவிடாது, இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் மாறும். ஆகவே எண்ணெய்தான் லாபம் என்ற தாளைப் பார்த்துப் பயந்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சரி, இருவருக்கும் விருப்பம் இருந்து பிரிக்கவே செய்கிறீர்கள் என்றால், மச்சான் உங்களிடமிருந்து கொப்பரையை என்ன விலைக்கு எடுக்கிறார் என்பதுதான் கேள்வியே. அந்த 119 ரூபாய் 29 காசுக்கு எடுத்தால் களத்தின் உழைப்பில் வந்த லாபமும் மில்லுக்குப் போய்விடும். ஏல விலையில் எடுக்க வேண்டும், வெளியே விற்றால் ஆகும் வண்டி வாடகை, தரகு கழித்து. உங்கள் எண்களில் 150க்கே எடுத்தார் என்று வைத்தால் களத்தின் வரவு 1,500, 1,800, 21,000 சேர்ந்து 24,300, செலவு 19,300, லாபம் 5,000. மில்லின் வரவு 21,680, கொப்பரைக்கு 21,000, ஆட்ட 980, ஆக 300 ரூபாய் நஷ்டம்.

இதைப் பார்த்துச் சண்டைக்குப் போய்விடாதீர்கள், மில்லை மூடச் சொல்லவும் வேண்டாம். உங்கள் 980 ரூபாய் கிலோவுக்கு 7 வீதம் போட்டது. அதில் மில் கட்டட வாடகையும் மாதச் சம்பள ஆட்களும் அடங்கியிருக்கிறார்கள், அவை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் போகிற பணம். அவை கிலோவுக்கு 3 ரூபாய் என்றால் ஆட்டுவதால் புதிதாக ஆவது 4 ரூபாய், 560தான். அப்போது ஆட்டினால் கையில் நிற்பது 21,120, கொப்பரையாக விற்றால் 21,000, ஆட்டுவதே 120 ரூபாய் மேல். கொப்பரையை விற்பதா ஆட்டுவதா என்று தினமும் முடிவு செய்ய ஒரே ஒரு எண் போதும். இந்த எண்ணெய், புண்ணாக்கு விலையில் அது 150 ரூபாய் 86 காசு. வண்டியும் தரகும் போக ஏலத்தில் கையில் அதற்கு மேல் கிடைத்தால் விற்றுவிடுங்கள், கீழே இருந்தால் ஆட்டுங்கள். வருஷம் முழுக்க மில் வேண்டுமா என்று யோசிக்கிறீர்கள் என்றால் வாடகையும் சம்பளமும் கணக்கில் வரும், அப்போது எல்லை 147 ரூபாய் 86 காசுக்கு இறங்கும். இந்த இரண்டு எல்லையிலும் காய் வாங்கிய விலையோ, மட்டைக்கு எவ்வளவு பிரித்தோம் என்பதோ எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டது, எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது.

கொப்பரையின் மதிப்புக்கு எண்ணெய் விலையிலிருந்து பின்னோக்கி வராமல் ஏல விலையிலேயே நின்றது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். எண்ணெயிலிருந்து பின்னோக்கி வந்திருந்தால் ஆட்டுவதில் உள்ள அந்த 300 ரூபாய் இழப்பு கொப்பரையின் மதிப்பைக் குறைத்து, அது வழியாக உரித்த காயின் மதிப்பையும் குறைத்து, களத்தின் கணக்கில் போய் ஒளிந்திருக்கும்.

விலை எந்த நாளுடையது

கொப்பரை விலை வாரத்துக்கு வாரம் ஆடும், ஒரு நாள் உச்ச விலையை எடுத்துப் பிரித்தால் மட்டையும் தொட்டியும் வருஷம் முழுக்க ஒன்றுமில்லாததாகத் தெரியும். அந்தச் சரக்கு களத்தில் காய்ந்த மாதத்தின் சராசரி ஏல விலையை எடுங்கள், மட்டை, தொட்டி, எண்ணெய், புண்ணாக்கு எல்லாவற்றுக்கும் அதே மாதம். எப்போதாவது நார் மில் வாங்காமல் போய், மட்டையை அப்புறப்படுத்த நீங்களே காசு கொடுக்க வேண்டி வந்தால், மட்டைக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்து அந்தக் காசை முதல் கட்டச் செலவோடு சேர்த்துவிடுங்கள்.

இந்த வருஷக் கணக்கை மூடும் முன் ஆடிட்டரிடம் இந்த மூன்று கட்டத் தாளைக் காட்டுங்கள். போன வருஷ முடிவில் இருந்த கொப்பரை ஸ்டாக்கையும் இதே முறையில் போட்டுப் பார்த்து எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று அவருக்குக் கொடுங்கள், முறை மாறியதையும் அதனால் லாபம் எவ்வளவு மாறியது என்பதையும் அவர் கணக்கில் குறிப்பிட வேண்டியிருக்கும். கொப்பரை குடோனிலிருந்து மில்லுக்குப் போகும்போது எடைச் சீட்டு ஒன்று போட்டு நீங்களும் மச்சானும் கையெழுத்து வைக்கிற பழக்கத்தையும் தொடங்கிவிடுங்கள். இப்போது உங்கள் தாளில் அந்த 140 கிலோ மட்டும் குத்துமதிப்பாக எழுதப்பட்டிருக்கிறது, மற்ற எல்லா எண்ணும் அதன் மேல்தான் நிற்கிறது.